ரத்து செய்த விமான டிக்கட்டுக்குக் காசு ஏன் குறைகிறது, எப்போது வரும்: ஹட்டனிலிருந்து ஒரு கணக்கு

கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போய்வர அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு டிக்கட் எடுத்தேன். ஒன்று 72,000 ரூபாய், இரண்டுக்கும் 144,000. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா லயத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். டிக்கட்டை ரத்து செய்தோம். ஏழு வாரம் கழித்து ஏஜன்சிக்காரர் என் முன்னால் 66,000 ரூபாயை எண்ணி வைத்து, "அண்ணே, எயார்லைன்காரன் இவ்வளவுதான் குடுத்தான்" என்றார். அது முழு உண்மை இல்லை என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். இன்னும் 8,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டியிருந்தது.

அதே விமானத்தில் எங்களோடு வரவிருந்த என் தம்பி கொழும்பில் வேலை செய்கிறான். அவன் தன் கார்டால் எயார்லைனின் இணையத்தளத்திலேயே டிக்கட் எடுத்திருந்தான். டிக்கட்டும் கட்டணமும் ஒன்றுதான். ஆனால் அவனுக்கு மூன்று வாரத்தில் காசு வந்துவிட்டது, தொகையும் எங்களுடையதைவிடக் கூட. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் எந்தக் கை எவ்வளவு வெட்டுகிறது என்று எனக்குப் புரிந்தது. முதன்முறை டிக்கட் ரத்து செய்கிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. முதலில் சீட்டை விடுவியுங்கள், காசைப் பிறகு பார்க்கலாம்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. சீட்டை விடுவிப்பது வேறு, காசைத் திரும்பக் கேட்பது வேறு. முதலாவதற்கு நேரக்கெடு உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கும்.

விமானம் புறப்படும் நேரம் வரை ரத்து செய்யாமல் விட்டால், உங்களை வராத பயணியாகப் பதிந்துவிடுவார்கள். இதை 'நோ ஷோ' என்பார்கள். அதற்கான அபராதம் சாதாரண ரத்துக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் கனமாக இருக்கும். சில எயார்லைன்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் வரும் ரத்துகளையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கின்றன. எங்கள் டிக்கட்டின் விதி அப்படித்தான் இருந்தது: 24 மணி நேரத்துக்கு முன்பு என்றால் ஆளுக்கு 60 டொலர், அதற்குப் பிறகு 120 டொலர்.

எங்கள் விமானம் ஞாயிறு காலை 9 மணிக்கு. அம்மா விழுந்தது வெள்ளி மாலை. இரவு முழுக்க டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தோம். சனிக்கிழமை போயா. ஹட்டன் டவுனில் ஏஜன்சி பூட்டு, அவருடைய போனும் ஓஃப். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டிருப்பேன். தம்பிதான் விடவில்லை. சனி காலை ஏழரை மணிக்கு எயார்லைனின் கால் சென்டருக்கு நானே எடுத்தேன். அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார்: "ஏஜன்ட் எடுத்த டிக்கட்டுக்கு ரிஃபண்ட் நாங்கள் போட முடியாது சேர், அது ஏஜன்ட் மூலம்தான். ஆனால் சீட்டை இப்போதே ரத்து செய்து தரலாம்." செய்தார். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வந்தது.

அழைப்பதற்கு முன் இரண்டு இலக்கங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிஎன்ஆர் எனப்படும் முன்பதிவுக் குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடம். மற்றது டிக்கட் இலக்கம், அது 13 இலக்கம் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் எயார்லைனைக் குறிக்கும். ஒரே பிஎன்ஆரில் நான்கு பேர் போகலாம், ஆனால் டிக்கட் இலக்கம் ஆளுக்கு ஒன்று. அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் உறுதி வராமல் போனை வைக்காதீர்கள். ஏஜன்சி தன் சொந்த மின்னஞ்சலை முன்பதிவில் போட்டிருந்தால் உங்களுக்கு எதுவும் வராது. அப்படியானால் உங்கள் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதோடு ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். டிக்கட் எடுத்த அதே நாளில் மனம் மாறினால் உடனே ஏஜன்சிக்கு ஓடுங்கள். எடுத்த அன்று நள்ளிரவுக்குள் ஏஜன்ட் அந்த டிக்கட்டை 'வொயிட்' செய்ய முடியும். அதாவது டிக்கட் எடுக்கவே இல்லை என்பதுபோல் ஆக்கிவிடலாம். அப்போது எயார்லைனின் ரத்துக் கட்டணம் இல்லை. பெயர் பிழையாக அடிபட்டிருந்தாலும், திகதி மாறியிருந்தாலும் இதுதான் மலிவான வழி. கடை மூடும் நேரத்தில் டிக்கட் எடுத்து, வீட்டுக்கு வந்து அடுத்த நாள் பார்ப்பவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். கடையை விட்டு இறங்குமுன் பாஸ்போர்ட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

2. எயார்லைன் தானே நேரத்தை மாற்றியதா என்று பாருங்கள்

ரத்து பொத்தானை அழுத்துவதற்கு முன் பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள். எயார்லைன் விமானத்தை ரத்து செய்திருந்தால், அல்லது நேரத்தைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால், அது அவர்களுடைய பக்கத்து மாற்றம். அப்போது பெரும்பாலும் எந்த வெட்டும் இல்லாமல் முழுத் தொகையையும் கேட்கலாம். எவ்வளவு மணி நேரம் நகர்ந்தால் 'பெரிய மாற்றம்' என்பது எயார்லைனுக்கு எயார்லைன் வேறுபடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நேர மாற்ற அறிவிப்பு வந்தபின், அதற்குப் பதில் சொல்லாமல் இணையத்தளத்தில் போய்ச் சாதாரணமாக ரத்து செய்தால், கணினி அதை உங்கள் சொந்த விருப்பமாக எடுத்துக்கொண்டு அபராதத்தை வெட்டிவிடும். அறிவிப்பு மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாகவோ, கால் சென்டரில் "உங்கள் நேர மாற்றத்தால் ரத்து செய்கிறேன்" என்று சொல்லியோதான் செய்ய வேண்டும். வவுச்சர் தருகிறோம் என்பார்கள். ஒருமுறை 'சரி' என்று அழுத்திவிட்டால் அதைத் திரும்பக் காசாக மாற்றுவது பெரும்பாடு. வருடத்துக்கு ஒருமுறை பறக்கிற நமக்கு வவுச்சர் எதற்கு?

3. டிக்கட்டின் விலையை மூன்றாகப் பிரியுங்கள்

டிக்கட் விலை என்று நாம் கொடுக்கும் தொகை ஒரே காசு இல்லை. மூன்று வகைக் காசு ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திரும்பி வரும் விதி வேறு.

முதலாவது அடிப்படைக் கட்டணம். ரத்து அபராதம் இதிலிருந்துதான் கழிக்கப்படும். மலிவு டிக்கட்டுகளில் இந்தப் பகுதி முழுவதுமே திரும்பாது.

இரண்டாவது எயார்லைனே போடும் மேலதிகக் கட்டணம். எரிபொருள் கட்டணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். டிக்கட்டில் YQ அல்லது YR என்ற குறியீட்டோடு, வரிகளின் வரிசையிலேயே நிற்கும். அதைப் பார்த்து நாமும் வரி என்றே நினைப்போம். அது வரி அல்ல, எயார்லைனுக்குப் போகும் காசு. டிக்கட் விதியில் "YQ திரும்பாது" என்று இருந்தால் அபராதத்துக்கு மேலே இதையும் இழக்கிறீர்கள். என் கணக்கு முதலில் பிழைத்ததே இங்கேதான். 60 டொலர் மட்டும்தானே போகும் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது உண்மையான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும். இலங்கையை விட்டுப் புறப்படும்போது அரசுக்குப் போகும் எம்பார்கேஷன் லெவி இதில் வரும். இந்திய விமான நிலையத்தின் பயணிகள் கட்டணமும் வரும். நீங்கள் பறக்கவில்லை என்றால் இந்தக் காசைக் கட்டவேண்டிய தேவையே எழவில்லை. அதனால் "திரும்பாத டிக்கட்" என்று சொல்லி விற்றதிலும் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் "நொன் ரிஃபண்டபிள்" என்ற சொல்லைக் கேட்டதும் டிக்கட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கொழும்பு–திருச்சி மாதிரிக் குறுகிய தூரத்தில் வரிப் பகுதியே விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாம்.

இந்திய எயார்லைனில் எடுத்திருந்தால் இன்னொரு பிடி உண்டு. இந்தியாவின் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏயின் விதிப்படி, அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் எல்லா டிக்கட்டுக்கும் திருப்பித் தர வேண்டும். சலுகை விலை டிக்கட்டும் இதில் அடக்கம். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டவும் கூடாது. கால் சென்டரில் இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

இந்தப் பிரிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களிடம் இ-டிக்கட் ரசீது இருக்க வேண்டும். ஏஜன்சிகள் பெரும்பாலும் பயண விவரத்தாளை மட்டும் அச்சடித்துத் தருவார்கள். அதில் விமான இலக்கமும் நேரமும் இருக்கும், விலை இருக்காது. "கட்டண விவரம் உள்ள இ-டிக்கட் ரசீது வேண்டும்" என்று கேளுங்கள். வரிகள் பல இருந்தால் கடைசியில் XT என்று ஒரே தொகையாகச் சேர்த்திருப்பார்கள். அதன் உள்விவரம் கீழே கட்டணக் கணக்கீட்டை எழுதியிருக்கும் இடத்தில் இருக்கும். கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணுக்குப் பதிலாக IT அல்லது BT என்று மட்டும் இருந்தால், அது ஏஜன்சிகளுக்கான தனி விலையில் எடுத்த டிக்கட். அதில் உண்மை விலை வெளியே தெரியாது. அப்படிப்பட்ட டிக்கட்டில் எவ்வளவு திரும்பும் என்பதை ரத்து செய்யும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

4. எங்கள் கணக்கு, ரூபாய் ரூபாயாக

ஒரு டிக்கட்டுக்கு நான் கொடுத்தது 72,000. இ-டிக்கட்டில் இருந்த மொத்தம் 69,500. இடையில் உள்ள 2,500 ஏஜன்சியின் சேவைக் கட்டணம். டிக்கட் எடுத்துத் தந்த வேலைக்கு அவர் வாங்கியது, திரும்பாது. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

69,500 இப்படிப் பிரிந்தது: அடிப்படைக் கட்டணம் 30,000, YQ 12,500, வரிகளும் நிலையக் கட்டணங்களும் 27,000.

60 டொலர் அபராதத்தை எயார்லைன் அன்றைய தன் மாற்று விகிதமான 300 ரூபாயில் கணக்கிட்டது. ஆக 18,000. அடிப்படைக் கட்டணத்தில் மிஞ்சியது 12,000. YQ முழுவதும் போனது. வரி 27,000 அப்படியே வந்தது. 12,000உடன் 27,000 சேர்த்தால் 39,000. எயார்லைன் ஒரு டிக்கட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது இதுதான். தம்பிக்கு வந்ததும் சரியாக இதே 39,000.

சனி காலை அழைக்காமல் விட்டிருந்தால்? 120 டொலர் என்றால் 36,000. அது அடிப்படைக் கட்டணமான 30,000ஐவிடக் கூட. அடிப்படைக் கட்டணம் முழுவதும் விழுங்கப்பட்டு, வரியான 27,000 மட்டும் வந்திருக்கும். அந்த ஒரு போன் அழைப்பு டிக்கட்டுக்கு 12,000 ரூபாயைக் காப்பாற்றியது.

அபராதம் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதையும் கவனியுங்கள். முன்பதிவு ஒன்றுதானே, அபராதமும் ஒன்றுதான் என்று நினைத்து, ஐந்து பேர் குடும்பத்துக்கு 60 டொலர்தான் போகும் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். கைக்குழந்தைக்கு விதி வேறாக இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

போகும் பயணத்தை முடித்துவிட்டுத் திரும்பும் பயணத்தை மட்டும் ரத்து செய்தால் பாதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பறந்த பாதிக்கு ஒருவழிக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். போய்வரும் டிக்கட்டின் பாதியைவிட ஒருவழிக் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதனால் திரும்ப வருவது வரிகளும் கொஞ்சச் சில்லறையும்தான்.

5. ரிஃபண்ட் கேட்கும்போது கொடுக்க வேண்டியவை

இணையத்தில் நேரடியாக எடுத்தவர் 'மேனேஜ் புக்கிங்' பக்கத்திலேயே கேட்கலாம். ரத்து செய்ததும் ரிஃபண்ட் தானாக ஓடத் தொடங்கும் என்று எல்லா எயார்லைனையும் நம்ப முடியாது. சிலவற்றில் ரத்து ஒரு பக்கம், ரிஃபண்ட் படிவம் வேறொரு பக்கம். படிவத்தை அனுப்பியதும் ஒரு வழக்கு இலக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் ரிஃபண்ட் கேட்கவே இல்லை.

ஏஜன்சியில் எடுத்தவர் ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. டிக்கட் இலக்கங்கள், ரத்து செய்த நாளும் நேரமும், எயார்லைன் அனுப்பிய உறுதியின் அச்சுப் பிரதி, நீங்கள் கொடுத்த காசுக்கான பற்றுச்சீட்டின் பிரதி, இவ்வளவும் போதும். மூலப் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் ஏஜன்சியின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். காசு கொடுத்தபோது பற்றுச்சீட்டே வாங்காதவர்கள் நம் ஊரில் நிறைய. "தெரிஞ்ச கடைதானே" என்போம். நானும் அந்த ரகம்தான். நல்ல வேளை, அன்றைக்குக் கடையில் இருந்த பிள்ளை கேட்காமலே எழுதித் தந்துவிட்டது.

நோய் என்றால் மருத்துவ ஆவணமும் சேருங்கள். சில எயார்லைன்கள் பயணியே ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டாலோ, நெருங்கிய உறவினர் இறந்தாலோ அபராதத்தைத் தள்ளுபடி செய்யும். நான் அம்மாவின் டயக்னோசிஸ் கார்டை அனுப்பினேன். பயண நாளில் பறக்க முடியாத நிலை என்று வைத்தியரின் கடிதம் தனியாக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை வாங்க நான் போனபோது அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளாகியிருந்தது, அனுமதித்த வைத்தியர் மாற்றலாகிப் போயிருந்தார். கடைசிவரை தள்ளுபடி கிடைக்கவில்லை. வார்டை விட்டு வெளியே வருவதற்கு முன், பயணத் திகதியைச் சொல்லி, அந்தத் திகதி கடிதத்தில் வரும்படி எழுதி வாங்கிவிடுங்கள். மரணம் என்றால் மரணச் சான்றிதழோடு உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் ஒருவிதமும் சான்றிதழில் ஒருவிதமும் இருப்பது தோட்டப்புறத்தில் சாதாரணம். அதற்கு ஒரு சத்தியக்கடதாசி தேவைப்படலாம்.

6. காசு வரும் பாதையும் நாட்களும்

ரிஃபண்ட் எந்த வழியாகக் காசு போனதோ அதே வழியாகத்தான் திரும்பும். கார்டால் கட்டினால் அதே கார்டுக்கு. ஏஜன்சியில் காசாகக் கட்டினால், எயார்லைனைப் பொறுத்தவரை கட்டியது ஏஜன்சிதான். அதனால் ரிஃபண்டும் ஏஜன்சிக்குத்தான் போகும். உங்கள் வங்கிக் கணக்கு இலக்கத்தை எயார்லைனுக்கு எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை.

தம்பியின் பாதை இது. சனிக்கிழமை ரத்து செய்து அன்றே படிவம் அனுப்பினான். 12ஆம் நாள் "ரிஃபண்ட் செய்துவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. ஆனால் கார்டில் ஒன்றும் இல்லை. 21ஆம் நாள்தான் 39,000 வரவாகக் காட்டியது. இடையில் அந்த ஒன்பது நாளும் காசு எயார்லைனின் வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் அவனுடைய வங்கிக்கும் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. எயார்லைன் அனுப்பிவிட்டோம் என்கிறது, வங்கி வரவில்லை என்கிறது என்றால், எயார்லைனிடம் ARN என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். கார்டுக்குத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் அந்த எண் இருக்கும். அதைக் கொடுத்தால் வங்கி தேடிப் பார்க்கும். எண் தர முடியவில்லை என்றால் எயார்லைன் இன்னும் அனுப்பவே இல்லை என்று சந்தேகப்படலாம்.

கிரெடிட் கார்டில் இன்னொரு சிக்கல் உண்டு. டிக்கட்டின் 69,500 அந்த மாத பில்லில் வந்துவிட்டது. ரிஃபண்ட் வரப்போகிறதே என்று தம்பி அதைக் கட்டாமல் விட்டான். ரிஃபண்ட் வருவதற்கு முன் கட்டவேண்டிய திகதி தாண்டியது. வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறின. ரிஃபண்ட் வரும் வரை பில் காத்திருக்காது. முழுவதையும் கட்டிவிடுங்கள், பிறகு வரும் தொகை கணக்கில் வரவாக நிற்கும்.

டொலரிலோ இந்திய ரூபாயிலோ கட்டியிருந்தால் வந்த தொகை இன்னும் கொஞ்சம் குறையும். 130 டொலர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய அன்று வங்கி டொலருக்கு 305 ரூபாய் எடுத்தது, திரும்பிய அன்று 297 தான் கொடுத்தது என்றால் 1,040 ரூபாய் அதிலேயே போய்விடும். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்காக அன்று எடுத்த வங்கிக் கட்டணத்தையும் முத்திரை வரியையும் திரும்ப எதிர்பார்க்காதீர்கள். கொழும்பிலிருந்து புறப்படும் டிக்கட்டை இலங்கை ரூபாயில் கட்ட வாய்ப்பிருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்.

எங்கள் பாதை நீளமானது. ஹட்டன் ஏஜன்சி சொந்தமாக டிக்கட் வெளியிடுவதில்லை, கொழும்பில் உள்ள பெரிய ஏஜன்சியிடம் வாங்குகிறது. சிறிய டவுன்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. திங்கட்கிழமை நான் கடிதம் கொடுத்தேன். புதன்கிழமைதான் அது கொழும்புக்குப் போனது. அங்கிருந்து எயார்லைனுக்கு விண்ணப்பம். நான்காவது வாரம் எயார்லைன் ஒப்புதல் கொடுத்தது. எயார்லைனுக்கும் ஏஜன்சிக்கும் இடையில் காசு கைமாறுவதில்லை, கணக்குத் தீர்க்கும் அடுத்த சுற்றில் அந்தத் தொகை கழிக்கப்படும். அது முடிந்து, கொழும்புக்காரர் ஹட்டன்காரருக்குக் கொடுத்து, அவர் என்னைக் கூப்பிட ஏழு வாரம் ஆனது.

நடுவில் எயார்லைனை அழைத்து டிக்கட் இலக்கத்தைச் சொல்லி நிலையைக் கேட்கலாம். பெரும்பாலும் அதற்கு மறுக்கமாட்டார்கள். OPEN என்றால் இன்னும் ரிஃபண்ட் செய்யப்படவில்லை. REFUNDED என்றால் எயார்லைன் தன் பக்கத்தை முடித்துவிட்டது, காசு ஏஜன்சியின் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாவது வாரத்திலேயே எங்கள் டிக்கட் REFUNDED ஆகியிருந்தது. அதன் பிறகும் "எயார்லைன்காரன் இழுக்கிறான் அண்ணே" என்று இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

7. காசை எண்ணும் முன் தாளைக் கேளுங்கள்

66,000 ரூபாயை மேசையில் வைத்தபோது நான் அதைத் தொடவில்லை. "எயார்லைன் கொடுத்த ரிஃபண்ட் விவரத்தைக் காட்டுங்க தம்பி" என்றேன். அந்தத் தாளில் கட்டிய கட்டணம், ரத்து அபராதம், திரும்பும் வரி, மொத்தத் தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். முதலில் அது கொழும்பில் இருக்கிறது என்றார். அனுப்பச் சொல்லுங்கள், இருக்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னேரம் நான்கு மணிக்கு வட்ஸ்அப்பில் வந்தது: டிக்கட்டுக்கு 39,000.

39,000க்கும் 33,000க்கும் இடையில் 6,000. அதில் 2,000 ஹட்டன் ஏஜன்சியின் ரிஃபண்ட் வேலைக் கட்டணம். அது என் பற்றுச்சீட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது, ஒப்புக்கொண்டேன். மீதி 4,000 "மேலே வெட்டிட்டாங்க" என்றார். எந்தத் தாளில் என்று கேட்டேன். தாள் இல்லை. கொழும்புக்காரரோடு போனில் நீண்ட பேச்சு நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை டிக்கட்டுக்கு 4,000 படி 8,000 ரூபாயைக் கொடுத்தார். ஆக மொத்தம் 74,000, ஒரு டிக்கட்டுக்கு 37,000.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மேலேயுள்ளவர் சொன்ன தொகையை அவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த முறையும் அவரிடமே டிக்கட் எடுப்பேன், ஆனால் ரத்து செய்தால் எவ்வளவு வெட்டுவீர்கள் என்பதை பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு.

தாள் காட்ட மறுத்தாலோ, REFUNDED ஆகி ஒரு மாதம் தாண்டியும் காசு தராவிட்டாலோ, முதலில் ஏஜன்சிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், 14 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், அதன் இலக்கம் 1977. கார்டு ரிஃபண்டில் சிக்கல் வங்கியின் பக்கம் என்றால், வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு அதன் பதிலை வைத்துக்கொண்டு மத்திய வங்கியின் 1935க்கு எடுங்கள். எங்கே போனாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்த 13 இலக்க எண்ணும், காசு கொடுத்த பற்றுச்சீட்டும், ரத்து செய்த நேரம் பதிந்த மின்னஞ்சலும்தான்.